உடன் வேலை பார்த்தவர் கிளம்புகிறார்: பரிசோடு வைக்க நாலு வரி வேண்டும்

வைகைக்கரை:
வணக்கம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீசியனாக இருக்கிறேன். எங்கள் சீனியர் ஒருவர் இந்த மாதக் கடைசியோடு வேலையை விட்டுப் போகிறார். 2014-இல் இந்தப் பிரிவு தொடங்கியதிலிருந்து இருப்பவர். குடும்பத்தோடு தஞ்சாவூருக்குக் குடிபோகிறார். பெயர் இங்கே வேண்டாம், அக்கா என்றே எழுதுகிறேன்.

எல்லோரும் பணம் போட்டு ஒரு கைக்கடிகாரம் வாங்கிவிட்டோம். அதோடு வைக்க ஒரு செய்தி எழுத வேண்டும். அந்தப் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது. கடிகாரத்தின் பின்பக்கம் பொறிக்கலாம் என்கிறார்கள் சிலர், அட்டை போதும் என்கிறார்கள் சிலர். நான் எழுதியிருப்பது இது:

"அன்புச் சகோதரி அவர்களுக்கு, தாங்கள் நமது பிரிவில் ஆற்றிய அளப்பரிய சேவையை என்றென்றும் மறவோம். தங்களின் கனிவும் கடின உழைப்பும் எங்களுக்கு என்றும் வழிகாட்டியாக அமையும். தங்களது புதிய பயணம் சிறக்க எல்லாம் வல்ல இறைவனை வேண்டுகிறோம். தாங்கள் சென்றாலும் எங்கள் நெஞ்சில் நிலைத்திருப்பீர்கள். இப்படிக்கு, தங்கள் அன்பு மறவா சக ஊழியர்கள்."

படித்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் எனக்கே இதில் அக்கா இருப்பதாகத் தெரியவில்லை. கொஞ்சம் உதவுங்கள்.

மல்லிச்சரம்:
எவ்வளவு பணம் சேர்ந்தது? கைக்கடிகாரம் இப்போது யார் கட்டுகிறார்கள்? குடிபோகிறவர் என்றால் குக்கர் அல்லது மிக்சி கொடுத்தால் தினமும் பயன்படும். வெள்ளியில் சின்னதாகக் குங்குமச் சிமிழ் கொடுத்தாலும் நிற்கும்.

வைகைக்கரை:
மல்லிச்சரம் அக்கா, கடிகாரம் வாங்கியாகிவிட்டது. வாசகம்தான் வேண்டும். கடிகாரம் வாங்கியதற்கும் காரணம் உண்டு. நாலு மணி நேர டயாலிசிஸில் அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார், தன் கடிகாரத்தைத்தான் பார்ப்பார். அதன் வார் ரொம்ப நாளாகவே பிய்ந்து கிடக்கிறது.

இரவல்பேனா:
அந்தக் கடைசி இரண்டு வரியில் இருக்கிற ஆள் உங்கள் வாசகத்தில் இல்லை. அதுதான் குறை.

பல வருடம் ஒரு கம்பெனியில் பணியாளர் பிரிவில் இருந்தேன். பிரிவு உபசார அட்டைகள் நிறைய என் கை வழியாகப் போயிருக்கின்றன. ஒரு வாசகம் தேறுமா என்று பார்க்க நான் செய்வது இதுதான். அதே அட்டையை உங்கள் மருத்துவமனை கேன்டீன் மேனேஜர் ஓய்வு பெறும்போது கொடுத்தால் பொருந்துமா என்று பாருங்கள். "அளப்பரிய சேவை", "கனிவும் கடின உழைப்பும்", "புதிய பயணம் சிறக்க" எல்லாமே அவருக்கும் பொருந்தும். பொருந்துகிற வரிகளை எல்லாம் எடுத்துவிட்டால் உங்கள் வாசகத்தில் ஒன்றும் மிஞ்சாது.

அதனால் இப்போதைக்கு வாசகத்தை விடுங்கள். ஒரு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். அக்கா போன பிறகும் உங்கள் பிரிவில் எந்த ஒரு வேலை அவர் சொல்லிக் கொடுத்தபடியே நடக்கும்? குணம் வேண்டாம், செய்கை வேண்டும். "பொறுமைசாலி" என்று எழுதாதீர்கள். என்ன செய்தார், யாருக்கு, எப்படி என்று எழுதுங்கள்.

புலவர் வீடு:
வணக்கம். நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தம்பி எழுதியதில் பெரிய குற்றமில்லை. "தாங்கள்" என்ற மரியாதை அவசியம். தலைப்பாகப் "பணி நிறைவு வாழ்த்து" என்று போடுங்கள். "வாழ்த்துக்கள்" என்று எழுதிவிடாதீர்கள், "வாழ்த்துகள்" என்பதே சரி. "நினைவுப் பரிசு" என்பதில் ப் கட்டாயம். முடிந்தால் எண்சீர் விருத்தத்தில் ஒரு வாழ்த்து மடல் எழுதி, கண்ணாடிச் சட்டம் போட்டு, மேடையில் வாசித்துக் கொடுங்கள். நான் பணி செய்த பள்ளிகளில் அதுதான் வழக்கம். பாடல் வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன்.

இரவல்பேனா:
ஐயா, எழுத்துப் பிழை பற்றிச் சொன்னவை இரண்டையும் வைகைக்கரை குறித்துக்கொள்ளட்டும். ஆனால் "பணி நிறைவு" இங்கே பொருந்தாது. வயது முடிந்து ஓய்வு பெறுகிறவருக்குத்தான் அப்படிப் போடுவோம். இவர் ஊர் மாறுகிறார், நாளைக்கே தஞ்சாவூரில் இன்னொரு டயாலிசிஸ் பிரிவில் சேரலாம். அட்டையைப் பார்க்கிற புது இடத்துக்காரர்கள் ஓய்வு பெற்றவர் என்று நினைப்பார்கள்.

வாழ்த்து மடல் அருமையான வழக்கம்தான், ஆனால் அது வேறு பொருள். மேடையில் எல்லோர் முன்னும் வாசிக்கப்படுவது, அதனால் அதில் புகழ்ச்சி பெரிதாக இருக்கலாம். பரிசுப் பெட்டிக்குள் வைக்கிற அட்டையை அவர் தனியாகப் படிப்பார், அநேகமாக வீட்டுக்குப் போகிற பஸ்ஸில். அங்கே மேடைத் தமிழ் ஒட்டாது.

வைகைக்கரை:
இரவல்பேனா அண்ணா, நீங்கள் கேட்டதற்குப் பதில்.

டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து அறுவை செய்திருப்பார்கள். பிஸ்டுலா என்போம். ஒவ்வொரு தடவையும் அதில் இரண்டு ஊசி போட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்குக் கை நடுங்கும். நரம்பு எங்கே தெரிகிறது என்று கண்ணால் தேடுவோம். அக்கா எங்களை அப்படித் தேட விடமாட்டார். "கண்ணை மூடு. கை வைத்துப் பார். அதிர்வு எங்கே இருக்கிறதென்று விரல் சொல்லும். அப்புறம் ஊசியை எடு" என்பார். நன்றாக வேலை செய்கிற பிஸ்டுலாவில் விரல் வைத்தால் உள்ளே கிர்ரென்று ஓடுவது தெரியும். அது தெரியவில்லை என்றால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அப்போது ஊசியே போடக் கூடாது, உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். இங்கே வேலை பழகிய எல்லோருமே அவர் பக்கத்தில் நின்றுதான் அதைக் கற்றுக்கொண்டோம்.

இன்னொன்றும் உண்டு. போன தடவை ஊசி போட்ட இடத்திலேயே மறுபடி போடாமல் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். யாருக்கு எங்கே போட்டது என்பதைக் கையின் படம் வரைந்து ஒரு நோட்டில் குறித்து வைப்பார். அந்த நோட்டை இப்போது என்னிடம் கொடுத்திருக்கிறார்.

மூன்றாம் ஷிப்ட்:
நானும் டயாலிசிஸ்தான், வேறு ஊர். வைகைக்கரை எழுதியதைப் படித்ததும் எனக்குச் சொல்லிக் கொடுத்த சிஸ்டர் ஞாபகம் வந்துவிட்டது. இதை மட்டும் எழுதினால் போதும் தம்பி. கண்ணை மூடச் சொன்னதை அப்படியே எழுதுங்கள். டயாலிசிஸில் இருக்கிறவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும், வெளியில் இருக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதும் இல்லை. அட்டை அவருக்குத்தானே.

இரவல்பேனா:
சரியாகச் சொன்னீர்கள். வைகைக்கரை, உங்கள் பதிலிலேயே வாசகம் இருக்கிறது. முதல் பதிவில் எழுதிய தமிழையும் இந்தப் பதிலில் எழுதிய தமிழையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இரண்டாவதில்தான் நீங்கள் பேசுகிறீர்கள். அவர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே முதல் வரியாக வையுங்கள். இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது இரண்டாவது வரி. போகிற இடத்துக்கான வாழ்த்து மூன்றாவது. அதற்கு மேல் வேண்டாம். நோட்டைப் பற்றியும் எழுத ஆசையாக இருக்கும். இரண்டையும் போட்டால் பட்டியல் ஆகிவிடும், ஒன்றை மட்டும் வையுங்கள்.

பழைய கிளார்க்:
என் கதை ஒன்று. வங்கியில் ஊர் ஊராக மாற்றல் ஆனவன் நான். ஒரு கிளையில் இருந்து கிளம்பும்போது கேடயம் கொடுத்தார்கள். என் இனிஷியல் தப்பு. 'எஸ்' என்பதற்குப் பதில் 'ஏ'. கொடுத்தவர்கள் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. அது அலமாரியில் திருப்பித்தான் வைக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு கிளையில் ஒரு சாதாரண அட்டையில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அது இன்னும் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன், வாங்கிய அன்று ராத்திரி நான் அந்த அட்டையில் தேடியது யார் கையெழுத்து இல்லை என்பதைத்தான். ஒருவர் போடவில்லை. அது பல நாள் உறுத்தியது. அதனால் கையெழுத்து வாங்கும்போது அன்று லீவில் இருப்பவர்கள், ராத்திரி ஷிப்ட்காரர்கள், வார்டு பெருக்குகிறவர்கள் யாரையும் விட்டுவிடாதீர்கள்.

செதுக்குக்கடை:
பொறிப்பது பற்றி யாரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். கேடயம், பெயர்ப்பலகை, பரிசுப் பொருட்களில் பெயர் பொறிக்கிற கடை வைத்திருக்கிறேன்.

பெண்கள் கடிகாரம் என்றால் பின்மூடி பெரும்பாலும் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவாகத்தான் இருக்கும். அதிலும் ஓரத்தைச் சுற்றிக் கம்பெனி பெயர், மாடல் எண், தண்ணீர் புகாது என்பது எல்லாம் ஏற்கெனவே பொறித்திருப்பார்கள். நடுவில் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றரை சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்தை இரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே கொண்டுபோனால் சுழி எல்லாம் அடைத்துக்கொள்ளும். ண, ன இரண்டும் ஒரே புள்ளியாகத் தெரியும், மேலே வைத்த புள்ளி காணாமல் போகும். இரண்டு மில்லிமீட்டர் எழுத்து என்றால் ஒரு வரிக்கு ஆறேழு எழுத்துத்தான் பிடிக்கும். அப்படி இரண்டு வரி, மிஞ்சினால் மூன்று. வைகைக்கரையின் முதல் வாசகத்தை அதில் போட வழியே இல்லை.

அதனால் பின்மூடியில் பெயரும் வருடமும் மட்டும் போடுங்கள். செய்தி அட்டையில் இருக்கட்டும். மூடியைக் கழற்றாமல் மேலோட்டமாக பைபர் லேசரில் போடச் சொல்லுங்கள். ஆழமாகத் தோண்டினால் மெல்லிய மூடி நெளியலாம். பொறித்த பிறகு கடையில் மாற்றித் தரமாட்டார்கள், அதனால் முதலில் இரண்டு நாள் ஓடவிட்டு, கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் கொடுங்கள்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி அண்ணா. கடைசி வேலை நாள் 30-ஆம் தேதி. தேதியையே போட்டுவிடலாமா?

செதுக்குக்கடை:
தேதி வேண்டாம். வேலையை விடுகிறவர்களின் கடைசி நாள் மாறுவதை நிறையப் பார்க்கிறோம். ரிலீவிங் ஆர்டர் வரவில்லை, மாற்று ஆள் வரவில்லை என்று ஒரு வாரம் தள்ளிப்போகும். பொறித்த தேதியை அழிக்க முடியாது. "2014 முதல்" என்று போட்டால்கூடப் போதும், முடிந்த வருடமே தேவையில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். செய்தியை வாட்ஸாப்பில் தமிழில் அடித்துக் கடைக்கு அனுப்புவீர்கள். கடைகள் பலவற்றில் இன்னும் பழைய டிசைன் சாப்ட்வேர்தான் ஓடுகிறது. அதில் உங்கள் தமிழை ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும், இல்லையென்றால் கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். கடைக்காரர் என்ன செய்வார்? வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அவரே மறுபடி அடிப்பார். பிழை நுழைவது அங்கேதான். ல, ள, ழ மாறும், ண, ன மாறும், ஒற்று விட்டுப்போகும். உங்கள் போனில் சரியாக இருந்தது என்பதற்காக உலோகத்தில் சரியாக வரும் என்று நம்பாதீர்கள்.

பொறிப்பதற்கு முன் திரையில் இருப்பதைப் படமாக அனுப்பச் சொல்லுங்கள். அதை எழுதிய நீங்களே சரிபார்த்தால் பிழை கண்ணில் படாது, ஏனென்றால் என்ன இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். செய்தியைப் பார்த்திராத ஒருவரிடம் கொடுத்து எழுத்து எழுத்தாக உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பழைய கிளார்க் ஐயாவின் கேடயத்தில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும்.

புலவர் வீடு:
தமிழ் எழுத்து உலோகத்தில் இவ்வளவு பாடுபடும் என்றால் பொறிப்பதையே விட்டுவிடலாமே. கடிகாரத்தில் ஆங்கில எழுத்து போட எனக்கு மனம் ஒப்பவில்லை.

செதுக்குக்கடை:
ஐயா, ஆங்கிலம் வேண்டியதில்லை. பெயர் மட்டும் என்றால் தமிழ் அழகாகவே வரும். தடித்த எழுத்துரு வேண்டாம், ஒரே கோடாக ஓடுகிற மெல்லிய எழுத்தாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், சுழி திறந்து நிற்கும். நீளமான வாக்கியம்தான் பிரச்சினை.

வைகைக்கரை:
எழுதிப் பார்த்தேன். எல்லோரும் படித்துச் சொல்லுங்கள்.

"கண்ணை மூடு, கை வைத்துப் பார், அப்புறம் ஊசியை எடு என்று சொல்லிக் கொடுத்தீர்கள். இந்த யூனிட்டில் யார் ஊசி எடுத்தாலும் அதில் உங்கள் கை இருக்கிறது. நீங்கள் இல்லாத வெறுமையை எப்படித் தாங்கப்போகிறோம் என்று தெரியவில்லை. தஞ்சாவூரில் நன்றாக இருங்கள்."

மல்லிச்சரம்:
இப்போதுதான் கேள்வி எனக்குப் புரிந்தது. முதலில் எழுதியதைவிட இது எவ்வளவோ மேல். படிக்கும்போதே கண் கலங்குகிறது. ஆனால் "அதில் உங்கள் கை இருக்கிறது" என்பது கொஞ்சம் இடிக்கிறது. ஏதாவது தப்பு நடந்தால்தானே "இதில் அவன் கை இருக்கிறது" என்போம்? ஆஸ்பத்திரியில் ஊசியோடு சேர்த்து அப்படி எழுதினால் நன்றாகவா இருக்கும்?

இரவல்பேனா:
மல்லிச்சரம் சொன்னது நல்ல கண்டுபிடிப்பு, எனக்குத் தோன்றவில்லை. அந்த வரியைச் சாதாரணமாகவே எழுதுங்கள். "இன்றும் அப்படித்தான் செய்கிறோம்" என்றால் போதும். சொல்லிக் கொடுத்தவருக்கு அதைவிடப் பெரிய செய்தி இல்லை.

மூன்றாவது வரியை எடுத்துவிடுங்கள். வைகைக்கரை, ஒன்று கேட்கிறேன், அவர் ஏன் போகிறார்?

வைகைக்கரை:
மாமியாருக்குப் பக்கவாதம். பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அவருக்கு வேலையை விட மனமே இல்லை. கிளம்புகிற முடிவைச் சொன்ன அன்று அழுதுவிட்டார்.

இரவல்பேனா:
அப்படியென்றால் அந்த வரி கண்டிப்பாக வேண்டாம். விருப்பமில்லாமல் போகிறவரிடம், நீங்கள் போனால் நாங்கள் தவித்துப்போவோம் என்று எழுதிக் கொடுத்தால் அந்தப் பாரத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவார். வேலை ஒழுங்காக நடக்கிறது, அவர் கற்றுத் தந்தபடி நடக்கிறது என்று தெரிந்தால் நிம்மதியாகப் போவார். உங்கள் வருத்தத்தை நேரில் சொல்லிக்கொள்ளுங்கள், அது பேச்சோடு போய்விடும். எழுதியது அவர் அலமாரியில் கிடக்கும், திரும்பத் திரும்பப் படிப்பார். மாமியார் உடல்நிலை பற்றியும் அட்டையில் வேண்டாம். நல்ல எண்ணத்தில் எழுதினாலும், அந்த அட்டையை எடுக்கும்போதெல்லாம் அதுதான் முதலில் கண்ணில் படும்.

மூன்றாம் ஷிப்ட்:
இதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. நான் வேலை மாறியபோது, நீங்கள் இல்லாமல் எங்களுக்குக் கஷ்டம்தான் என்று ஒரே ஒரு தங்கச்சி எழுதியிருந்தாள். மற்ற எல்லாம் வாழ்த்து. எனக்கு மனதில் நின்றது அவள் எழுதியதுதான். நாம் இல்லாதது யாருக்கும் குறையாகத் தெரியாதோ என்ற நினைப்போடு போவதும் ஒரு பாரம்தானே. ஒரு சின்ன வரி இருக்கலாம் என்பேன். "சந்தேகம் வந்தால் போன் பண்ணுவோம், எடுங்கள்" என்று எழுதலாமே. தேடுவோம் என்பதும் அதில் இருக்கிறது, அழுகையும் இல்லை.

இரவல்பேனா:
போன் வரி அழகாக இருக்கிறது. ஆனால் படுக்கையில் ஒருவரை வைத்துப் பார்க்கப்போகிறவருக்கு அது இன்னொரு வேலையாகத் தோன்றுமோ என்று தயங்குகிறேன்.

மூன்றாம் ஷிப்ட்:
வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கப்போகிறவருக்கு அந்த போன்தான் வெளிக்காற்று. இதில் நான் மாறப்போவதில்லை அண்ணா.

வைகைக்கரை:
இன்னொரு சிக்கல். நாங்கள் அக்கா என்போம். டாக்டர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நோயாளிகளுக்கு அவர் சிஸ்டர். வயதில் மூத்த வார்டு அம்மா ஒருவர் "வாடி போடி" என்றுதான் பேசுவார், மகள் மாதிரி. எல்லோர் பெயரிலும் போகிற அட்டையில் எப்படி விளிப்பது? அப்புறம், காலை ஷிப்ட் நோயாளிகள் சிலருக்கு விஷயம் தெரிந்து, நாங்களும் எழுதுவோம் என்கிறார்கள்.

பழைய கிளார்க்:
விளிக்கவே வேண்டாம். நேராக வாசகத்தில் தொடங்குங்கள். கீழே கையெழுத்துப் போடுகிறவர்கள் அவரவர் எப்படிக் கூப்பிடுவார்களோ அப்படி ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அந்த வார்டு அம்மா "போயிட்டு வாடி" என்று எழுதினால் அப்படியே விடுங்கள், திருத்தாதீர்கள். அவருக்கு எழுதத் தெரியாது என்றால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதி, பக்கத்தில் அவர் பெயரைப் போடுங்கள்.

மூன்றாம் ஷிப்ட்:
நோயாளிகள் எழுதுவதில் கொஞ்சம் கவனம் வேண்டும். இந்த அட்டையைப் படம் எடுத்து யாராவது ஸ்டேட்டஸில் போடத்தான் போகிறார்கள். டயாலிசிஸ் செய்துகொள்கிறோம் என்று ஊருக்குத் தெரிய வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்யாண வயதுப் பிள்ளைகள் உள்ளவர்கள் குறிப்பாக. நோயாளிகளுக்குத் தனியாக ஒரு அட்டை வையுங்கள். எழுத விரும்புகிறவர் தானாக வந்து எழுதட்டும், நீங்கள் கட்டில் கட்டிலாகக் கொண்டுபோய் நீட்டாதீர்கள். ஒரு கையில் ஊசி இருக்கும், எழுதும் கையாக இருந்தால் சிரமம். டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன் எடை பார்க்கிற மேசையில் வைத்துவிடுவது நல்லது.

வைகைக்கரை:
எடை மேசை நல்ல யோசனை. எல்லோரும் அங்கே நின்றுதான் ஆக வேண்டும்.

கையெழுத்தில் கடைசியாக ஒரு தயக்கம். எங்கள் மேற்பார்வையாளருக்கும் அக்காவுக்கும் போன வருடம் ஷிப்ட் போடுவதில் பெரிய மனத்தாங்கல். இன்றைக்கும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. அவரிடம் அட்டையைக் கொண்டுபோவதா?

பழைய கிளார்க்:
கொண்டுபோங்கள். போடுவதும் போடாததும் அவர் விருப்பம். கேட்காமல் விட்டால் அது உங்கள் முடிவாகிவிடும்.

மல்லிச்சரம்:
வேண்டாம் என்று நினைக்கிறேன். மனதில் இல்லாமல் போட்ட கையெழுத்து அந்த அக்காவுக்குத் தெரியாதா? சந்தோஷமான அட்டையில் அதுதான் முதலில் கண்ணில் படும். நீங்கள்தானே சொன்னீர்கள், இல்லாத கையெழுத்தைத் தேடினேன் என்று. இருக்கக் கூடாத கையெழுத்தும் அப்படித்தான்.

புலவர் வீடு:
நான் ஒன்று சொல்லலாமா? என் பணிக்காலத்தில் என்னோடு பிணங்கியிருந்த தலைமையாசிரியர் ஒருவர், நான் கிளம்பிய நாளில் வாழ்த்து மடலின் ஓரத்தில் சின்னதாகப் "பொறுத்தருள்க" என்று எழுதியிருந்தார். அதன் பிறகு கடிதம் எழுதிக்கொள்ளும் அளவுக்கு நெருங்கினோம். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அட்டை அவர் மேசைக்குப் போனால்தானே அவருக்கு அந்த வாய்ப்பு கிடைக்கும்.

தம்பி, உங்கள் புது வாசகத்தையும் படித்தேன். விருத்தம் தேவையில்லை. "என்று சொல்லிக் கொடுத்தீர்கள்" என்பதில் க் இருக்கட்டும், விட்டுவிடாதீர்கள்.

செதுக்குக்கடை:
அட்டை வாங்கும்போது பளபளப்பான வழுவழு அட்டை வேண்டாம். அதில் ஜெல் பேனா காய நேரமெடுக்கும், அடுத்து எழுதுகிறவர் கை பட்டு மை இழுத்துவிடும். இத்தனை பேர் எழுதப்போகிறீர்கள். மேட் அட்டையும் சாதாரண பால்பாயின்ட் பேனாவும் போதும். வாசகத்தை நடுவில் எழுதிவிட்டு, சுற்றி இடம் விடுங்கள். முதலில் எழுதுகிறவர்கள் பெரிதாக எழுதிவிடுவார்கள், கடைசியில் வருகிறவருக்கு மூலைதான் கிடைக்கும். அதனால் வார்டு அம்மாவிடம் முதலில் கொண்டுபோங்கள்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை முடிவு செய்தது:

கடிகாரத்தின் பின்னால் அக்காவின் பெயர், கீழே "2014 முதல்". கடைக்காரர் அனுப்பிய படத்தை என் தம்பியிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னேன். அக்காவின் பெயரில் வருகிற ள, ல ஆகியிருந்தது. திருத்தி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அட்டையில்:

"கண்ணை மூடு, கை வைத்துப் பார், அப்புறம் ஊசியை எடு என்று சொல்லிக் கொடுத்தீர்கள். இன்றும் அப்படித்தான் செய்கிறோம். தஞ்சாவூரில் நன்றாக இருங்கள்."

போன் வரியை வாசகத்தில் சேர்க்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போடும்போது என் பெயருக்குப் பக்கத்தில், "அந்த நோட்டில் சந்தேகம் வந்தால் கூப்பிடுவேன் அக்கா" என்று எழுதப்போகிறேன். மூன்றாம் ஷிப்ட் அக்காவுக்கும் இரவல்பேனா அண்ணாவுக்கும் இதில் கோபம் இருக்காது என்று நினைக்கிறேன். மேற்பார்வையாளர் விஷயத்தில் எங்கள் ஆட்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள், நாளைக்குப் பேச வேண்டும்.

கடிகாரம் போகக் கொஞ்சம் பணம் மிச்சமிருக்கிறது. அதைக் கவரில் போட்டுக் கொடுத்தால் தப்பாக நினைப்பாரா?

மல்லிச்சரம்:
ஒரு ரூபாய் நாணயம் ஒட்டிய மொய்க் கவரில் வைத்துக் கொடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஆனால் அட்டையையும் கவரையும் ஒன்றாக வைக்காதீர்கள். கவரை அவர் பிள்ளை கையில் கொடுத்துவிடுங்கள்.